பேப்பர் புதிர் பழகியவருக்கு டேப்லெட்டில் எது பொருந்தும்?

“இருபது வருடமாகக் காலையில் பேப்பர் வந்ததும் முதலில் குறுக்கெழுத்து, அப்புறம் சுடோகு, கிடைத்தால் கட்டம் போட்டு விடை காணும் தர்க்கப் புதிர் என்று பழகியவன். பேத்தி டேப்லெட் வாங்கித் தந்திருக்கிறாள். பத்து விளையாட்டாவது இறக்கிப் பார்த்துவிட்டேன், எதுவும் இரண்டு நாளைக்கு மேல் ஓடவில்லை. குறை என்னிடமா, விளையாட்டிலா? எதைப் போடலாம், சொல்லுங்கள்.”

ஐயா, குறை விளையாட்டில்தான். அதுவும் பெரும்பாலான செயலிகளில் ஒரே இடத்தில் இருக்கிறது. நான் பள்ளியில் கணக்கு ஆசிரியராக இருந்தேன். அதோடு பதினாறு வருடம் ஒரு வார இதழுக்குச் சுடோகுவும் தமிழ்க் குறுக்கெழுத்தும் தயாரித்துக் கொடுத்தேன். உங்களைப் போலப் பேப்பரில் பழகியவர்கள் பலர் டேப்லெட்டுக்கு மாறி, ஒரு வாரத்தில் மூடி வைத்ததைப் பார்த்திருக்கிறேன். அவர்களிடம் கேட்டால் “ஏனோ பிடிக்கவில்லை” என்பார்கள். காரணம் என்னவென்றால், பேப்பர் பேசாது. நீங்கள் தப்பான எண்ணை எழுதினாலும் அது வாயைத் திறக்காது. செயலி உடனே சிவப்பில் காட்டிவிடும்.

இது சின்ன விஷயம் போலத் தெரியும். ஆனால் புதிரின் வேலையையே இது மாற்றிவிடுகிறது. சுடோகுவில் ஒரு கட்டத்தில் 4 அல்லது 7 வரலாம் என்ற நிலைக்கு வந்திருக்கிறீர்கள் என்று வையுங்கள். பேப்பரில் என்றால் அதை அப்படியே விட்டுவிட்டு வேறு வரிசைக்குப் போவீர்கள், அங்கே ஒரு 7 கிடைத்தால் திரும்பி வந்து 4 எழுதுவீர்கள். அந்தப் போய் வருதல்தான் ஆட்டம். செயலியில் 4 என்று தட்டிப் பார்த்தால் போதும். சிவந்தால் 7, சிவக்காவிட்டால் 4. இப்படி நான்கைந்து இடத்தில் தட்டிவிட்டால் மிச்சம் தானாக விழுந்துவிடும். தட்டக்கூடாது என்று நீங்கள் உறுதியாக இருந்தாலும், யோசித்து எழுதியது சரியா என்ற சந்தேகத்தைச் செயலி அந்த நொடியே தீர்த்துவிடுகிறது. கடைசி எண்ணை எழுதும்வரை தூக்கிச் சுமந்த சந்தேகம்தான் பேப்பர் புதிரை முடித்ததும் வரும் நிறைவுக்குக் காரணம். அது போய்விட்டால் மிஞ்சுவது விரல் வேலை மட்டும்.

ஆகவே எதை இறக்கினாலும் முதலில் அமைப்புகளுக்குள் போங்கள். `Autocheck`, `Mistake limit`, `Highlight errors` என்று ஏதாவது ஒரு பெயரில் இது இருக்கும். எல்லாவற்றையும் அணையுங்கள். ஒரே வரிசையில் இரண்டு 5 வந்தால் மட்டும் காட்டுவது வேறு, விடையோடு ஒப்பிட்டுக் காட்டுவது வேறு. முதலாவது கண் தப்பியதைச் சொல்கிறது. கண் கொஞ்சம் மங்கிய வயதில் அது உதவிதான், வைத்துக்கொள்ளலாம். இரண்டாவதை வைத்துக்கொள்ள வேண்டாம். மூன்று தப்பு செய்தால் ஆட்டம் முடிந்தது என்று சொல்லி, அதை அணைக்கவும் விடாத செயலி இருந்தால் அதை அழித்துவிடுங்கள். மூன்று தப்பை எண்ணுகிறது என்றால் ஒவ்வொரு எண்ணையும் விடையோடு ஒப்பிட்டுக்கொண்டே இருக்கிறது என்றுதானே பொருள்.

இதே கதைதான் சிறு எண் குறிப்புகளிலும். பேப்பரில் நாம் பென்சிலால் எல்லாக் கட்டத்திலும் குறிப்பு எழுதுவதில்லை. ஒரு 3×3 பெட்டிக்குள் 6 இரண்டே இடத்தில்தான் வர முடியும் என்று தெரிந்தால் அந்த இரண்டு கட்டத்தின் மூலையில் மட்டும் சிறிதாக 6 எழுதுவோம். செயலியில் ஒரு பொத்தானைத் தட்டினால் எல்லா வெற்றுக் கட்டங்களிலும் வரக்கூடிய எல்லா எண்களையும் நிரப்பிவிடும். திரை முழுக்க எறும்பு மொய்த்த மாதிரி ஆகிவிடும், உங்கள் குறிப்பு எது, இயந்திரத்தின் குறிப்பு எது என்று தெரியாது. SudokuPad என்ற வலைத்தளத்தில் (`sudokupad.app`) இதற்கு நல்ல ஏற்பாடு இருக்கிறது. கட்டத்தின் மூலையில் எழுதும் குறிப்பு தனி, நடுவில் எழுதும் குறிப்பு தனி. “இந்த எண் இந்தப் பெட்டியில் எங்கெங்கே வரலாம்” என்பதை மூலையிலும், “இந்தக் கட்டத்தில் எந்தெந்த எண் வரலாம்” என்பதை நடுவிலும் எழுதிக்கொள்ளலாம். நீங்கள் பென்சிலால் செய்ததை இதைவிட நெருக்கமாகச் செய்ய விடும் இடம் என் அனுபவத்தில் இல்லை. எல்லாம் முடியும்வரை அது தானாக விடையோடு ஒப்பிட்டுக் காட்டாது.

அடுத்தது, புதிரே நேர்மையானதா என்பது. ஒழுங்கான சுடோகுவுக்கு ஒரே ஒரு விடைதான் இருக்கும். இதில் நானே அடிபட்டிருக்கிறேன். ஒருமுறை நான் கொடுத்த கட்டத்தில் அச்சுக்குப் போகும்போது ஒரு எண் விடுபட்டுப்போனது. மெய்ப்பு பார்க்கும்போது நானும் கவனிக்கவில்லை. அடுத்த வாரம் ஒரு வாசகர் இரண்டு முழு விடைகளை எழுதி, இரண்டும் சரிதானே, எது உங்கள் விடை என்று கேட்டு அனுப்பியிருந்தார். இரண்டும் சரிதான். விடுபட்ட அந்த எண் எட்டை மூன்றோடு மாற்றிப்போட வழி விட்டிருந்தது. அன்றிலிருந்து எந்தப் புதுச் செயலியையும் நான் சோதிக்கும் முறை இது, நீங்களும் செய்து பாருங்கள்.

முடித்த சுடோகுவைப் பாருங்கள். முதல் வரிசையில் முதல் கட்டத்தில் 3, நான்காவது கட்டத்தில் 8 என்று வையுங்கள். இரண்டாவது வரிசையில் அதே இரண்டு நெடுவரிசைகளில் தலைகீழாக, முதல் கட்டத்தில் 8, நான்காவதில் 3. இந்த நான்கும் சேர்ந்து ஒரு செவ்வகத்தின் நான்கு மூலைகள். இவை இரண்டு வரிசைக்குள், இரண்டு நெடுவரிசைக்குள், இரண்டே பெட்டிக்குள் அடங்கியிருக்கின்றன. இப்போது 3 எல்லாவற்றையும் 8 ஆக்கி, 8 எல்லாவற்றையும் 3 ஆக்கிப் பாருங்கள். வரிசையில் எதுவும் கெடவில்லை, நெடுவரிசையில் கெடவில்லை, பெட்டியிலும் கெடவில்லை. ஆக, அந்த நான்கு மூலைகளில் ஒன்றாவது தொடக்கத்திலேயே கொடுக்கப்பட்ட எண்ணாக இருந்தாக வேண்டும். நான்கையும் நீங்களே நிரப்பியிருந்தால் அந்தப் புதிருக்கு இரண்டு விடை. நீங்கள் எங்கோ யூகித்துத்தான் முடித்திருக்கிறீர்கள். நான்கு மூலையும் நான்கு பெட்டிகளில் சிதறிக் கிடந்தால் இந்தச் சோதனை செல்லாது, ஏனென்றால் மாற்றிப்போட்டால் பெட்டிகள் கெட்டுவிடும். இந்தச் சோதனையில் தேறினால் மட்டும் ஒரே விடை என்று நிச்சயமாகச் சொல்ல முடியாது, வேறு வகையிலும் இரண்டு விடை வரலாம். ஆனால் இதில் தோற்றால் புதிர் கெட்டது என்பது உறுதி. ஒரு செயலியில் இப்படி ஒன்று பார்த்துவிட்டால் அதில் இருக்கும் மற்றதை நான் தொடுவதில்லை.

கடினம் எவ்வளவு என்று செயலி சொல்வதை நம்பலாமா என்றால், பாதிதான் நம்பலாம். இயந்திரம் ஒரு புதிரைத் தீர்க்க எந்த உத்தி வரை தேவைப்பட்டது என்பதை வைத்து எளிது, கடினம் என்று பெயர் கொடுக்கும். நமக்குக் கடினமாக இருப்பது உத்தி மட்டுமல்ல, அந்த உத்தியைப் போடும் இடம் கண்ணில் படுகிறதா என்பதும்தான். அதை இயந்திரம் அளப்பது அரிது. இதில் வெளிப்படையாக இருக்கும் தொகுப்பு என்று நான் சொல்வது சைமன் டாத்தம் எழுதிய புதிர்த் தொகுப்பு. கணினிக்காரர்கள் நாள்தோறும் பயன்படுத்தும் PuTTY என்ற மென்பொருளை எழுதியவரும் இவர்தான். `chiark.greenend.org.uk/~sgtatham/puzzles/` என்ற முகவரியில் உலாவியிலேயே விளையாடலாம், டேப்லெட்டில் “Simon Tatham's Puzzles” என்று தேடினாலும் கிடைக்கும். காசு இல்லை, விளம்பரம் இல்லை. சுடோகுவுக்கு அவர் வைத்த பெயர் Solo. அதில் Trivial, Basic, Intermediate, Advanced, Extreme என்று படிப்படியாகப் போய், கடைசிப் படிக்கு Unreasonable என்று பெயர் வைத்திருக்கிறார். அந்தக் கடைசிப் படியில் யூகித்துப் பார்த்துத் திரும்பி வர வேண்டியிருக்கலாம் என்று அவரே சொல்லிவிடுகிறார். கீழே உள்ள படிகளில் யோசித்தே முடிக்கலாம். பேப்பர் சுடோகுவை வழக்கமாக முடிப்பவர் என்றால் Intermediate-இல் தொடங்குங்கள்.

அந்தத் தொகுப்பில் இன்னொரு வசதி எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஒவ்வொரு புதிருக்கும் ஓர் அடையாள எழுத்துத்தொடர் உண்டு. `Game` பட்டியலில் அதை எடுத்து நண்பருக்கு அனுப்பினால் அவருக்கும் அதே புதிர் வரும். ஒரே பேப்பரை இரண்டு வீட்டில் வாங்கி, மாலையில் நடைக்குப் போகும்போது ஒப்பிட்டுப் பேசியது போலப் பேசிக்கொள்ளலாம்.

இயந்திரம் செய்த புதிர், ஆள் உட்கார்ந்து செய்த புதிர் என்ற வேறுபாட்டையும் சொல்ல வேண்டும். சுடோகு பேப்பருக்கு வந்த கதையிலேயே அது இருக்கிறது. 1979-இல் அமெரிக்காவில் டெல் நிறுவனத்தின் புதிர் இதழில் ‘நம்பர் ப்ளேஸ்’ என்ற பெயரில் இது வந்தது, செய்தவர் ஹோவர்ட் கார்ன்ஸ் என்ற கட்டடக்கலைஞர் என்று கருதுகிறார்கள். 1984-இல் ஜப்பானின் நிகோலி நிறுவனம் எடுத்துக்கொண்டது, அங்கேதான் சுடோகு என்ற பெயர் வந்தது. அவர்கள் ஆட்களைக் கொண்டு கையால் செய்தார்கள். ஹாங்காங்கில் நீதிபதியாக இருந்த வெய்ன் கூல்ட் 1997-இல் டோக்கியோவில் ஒரு கடையில் இதைப் பார்த்து, பல வருடம் உழைத்து, புதிர் தயாரிக்கும் கணினி நிரல் ஒன்றை எழுதினார். அதைக் கொண்டு 2004 நவம்பரில் லண்டன் டைம்ஸ் நாளிதழில் சுடோகு வரத் தொடங்கியது. அப்புறம்தான் உலகம் முழுக்கப் பரவியது. ஆகப் பேப்பரில் நீங்கள் போட்டவற்றில் பலவும் இயந்திரம் செய்ததாகவே இருந்திருக்கும். அதில் தவறில்லை. ஆனால் கையால் செய்த ஒன்றைப் போட்டுப் பார்த்தால், செய்தவர் நம்மை ஒரு வழியில் நடத்திக்கொண்டு போவது புரியும்.

இதற்கு ஒரு நல்ல எடுத்துக்காட்டு, 2020 மே மாதம் மிட்செல் லீ என்பவர் செய்த ‘மிராக்கிள் சுடோகு’. 81 கட்டத்தில் கொடுத்திருப்பது இரண்டே எண்: ஒரு 1, ஒரு 2. சாதாரணச் சுடோகுவில் குறைந்தது 17 எண் கொடுத்தால்தான் ஒரே விடை இருக்க முடியும் என்று டப்ளினில் இருந்து ஒரு குழு 2012-இல் கணினியால் நிறுவிக் காட்டியது. இவர் எப்படி இரண்டோடு நிறுத்தினார் என்றால், கூடுதல் விதிகளால். சதுரங்கத்தில் ராஜா ஒரு நகர்வில் போகும் இடத்திலும், குதிரை தாண்டும் இடத்திலும் அதே எண் வரக்கூடாது. மேலும் கீழும் பக்கத்திலும் ஒட்டியிருக்கும் கட்டங்களில் அடுத்தடுத்த எண்கள் வரக்கூடாது. ‘கிராக்கிங் த கிரிப்டிக்’ என்ற யூடியூப் சேனலில் சைமன் ஆந்தனி இதைப் போடுகிறார். தொடக்கத்தில் இது நடக்காத காரியம் என்று நினைத்தவர், கொஞ்சம் கொஞ்சமாகப் பிடி கிடைத்து மலைத்துப்போவதைப் பார்க்கலாம். முதலில் நீங்கள் போட்டுவிட்டு அப்புறம் பாருங்கள்.

எண் புதிரில் சுடோகுவுக்கு அடுத்து நான் உங்களுக்குச் சொல்வது கில்லர் சுடோகு. Solo-விலேயே `Type` பட்டியலில் `3x3 Killer` என்று இருக்கிறது. இதில் தொடக்க எண்ணுக்குப் பதிலாகச் சில கட்டங்களை ஒரு கோட்டால் சேர்த்துக் கட்டி, அவற்றின் கூட்டுத்தொகையைக் கொடுத்திருப்பார்கள். அப்படிச் சேர்த்த தொகுதியை நான் கூண்டு என்பேன். ஒரு கூண்டுக்குள் ஒரே எண் இரண்டு முறை வராது. புதிதாக வருபவர்கள் கூண்டுகளையே முறைத்துப் பார்த்துத் திணறுவார்கள். வழி வேறு எங்கோ இருக்கிறது: 1 முதல் 9 வரை கூட்டினால் 45. எந்த வரிசையும் 45, எந்தப் பெட்டியும் 45.

ஒரு பெட்டிக்குள் மூன்று கூண்டுகள் முழுதாக அடங்குகின்றன என்று வையுங்கள். அவற்றின் தொகை 11, 14, 9. மூன்றும் சேர்ந்து ஏழு கட்டம். நான்காவது கூண்டு மூன்று கட்டம் கொண்டது, தொகை 17. அதில் இரண்டு கட்டம் இந்தப் பெட்டிக்குள், ஒன்று மட்டும் வெளியே எட்டிப் பார்க்கிறது. நான்கு தொகையையும் கூட்டினால் 51. பெட்டிக்கு 45 போக மிச்சம் 6. வெளியே எட்டிப் பார்க்கும் கட்டத்தில் 6 என்று எழுதிவிடலாம், வேறு எதுவும் தெரியாமலேயே. அப்படியானால் அந்தக் கூண்டின் மற்ற இரண்டு கட்டமும் சேர்ந்து 11. பதினொன்றை 2+9, 3+8, 4+7, 5+6 என்று பிரிக்கலாம். ஆனால் அந்தக் கூண்டில் 6 ஏற்கெனவே இருக்கிறது, ஆகவே 5+6 கழிந்தது. பேப்பரில் கூட்டல் கழித்தல் கணக்கை ஓரத்தில் எழுதிப் பார்ப்பீர்களே, அதைக் கேட்கும் ஆட்டம் இது. சரி, இதைப் பிடித்துவிட்டால் ககுரோவும் பிடிக்கும்: குறுக்கெழுத்துக் கட்டம் போலவே இருக்கும், சொல்லுக்குப் பதில் கூட்டுத்தொகை. இரண்டு கட்டத்தில் 16 என்றால் 7, 9 தவிர வழியில்லை. 17 என்றால் 8, 9 தவிர வழியில்லை. இவை இரண்டும் ஒரு கட்டத்தில் வெட்டிக்கொண்டால் அந்தக் கட்டம் 9.

தர்க்கக் கட்டப் புதிருக்கு `logic.puzzlebaron.com` போதும், இலவசம். இதன் குறையையும் சொல்லிவிடுகிறேன். குறிப்புகளை இயந்திரம் கோத்திருப்பதால் கதையில் சுவை இருக்காது, ஒரே அச்சில் வார்த்த வாக்கியங்கள். ஆனால் தர்க்கம் சுத்தம். அங்கே நேரத்தை எண்ணும் கடிகாரம் ஓடும், அதைப் பொருட்படுத்தாதீர்கள். நடுவில் மாட்டிக்கொண்டால் தவறுகளை அழிக்கும் பொத்தானைத் தட்டத் தோன்றும், தட்டினால் சிவப்பு வெளிச்சத்தின் அதே கேடுதான். மாட்டிக்கொள்வது பெரும்பாலும் ஒரே காரணத்தால் நடக்கிறது. ஆம், இல்லை என்று நேரடியாகச் சொன்னதை மட்டும் கட்டத்தில் குறித்துவிட்டு, இரண்டு குறிப்புகளை மோதவிடாமல் இருந்துவிடுகிறோம்.

ஒரு சிறிய உதாரணம் பாருங்கள். மாலா, ரவி, செல்வி, கண்ணன் நால்வர். மதுரை, தஞ்சை, நெல்லை, கோவை என்று ஆளுக்கு ஓர் ஊர். குறுக்கெழுத்து, சுடோகு, ககுரோ, படக்கட்டம் என்று ஆளுக்கு ஒரு புதிர். முதல் குறிப்பு: மாலாவின் ஊர் மதுரை அல்லது தஞ்சை. இரண்டாவது: ககுரோ போடுபவரின் ஊர் நெல்லை அல்லது கோவை. மூன்றாவது: ரவியும் செல்வியும் ககுரோ தொடுவதில்லை. முதல் இரண்டு குறிப்புக்கும் கட்டத்தில் குறிக்க நான்கு இல்லைகள் கிடைக்கும், அவ்வளவுதான் என்று தோன்றும். ஆனால் மாலாவுக்கு மிஞ்சிய ஊர்களும் ககுரோவுக்கு மிஞ்சிய ஊர்களும் எங்கும் ஒத்துப்போகவில்லை. அப்படியென்றால் மாலா ககுரோ போடுபவராக இருக்க முடியாது. மூன்றாவது குறிப்போடு சேர்த்தால் ககுரோ கண்ணனுடையது, அவர் ஊர் நெல்லை அல்லது கோவை. கண்ணன் பெயர் எந்தக் குறிப்பிலும் வரவில்லை என்பதைக் கவனியுங்கள். இரண்டு பேருக்கு மிஞ்சிய வாய்ப்புகள் எங்கும் தொடவில்லை என்றால் அவர்கள் ஒருவரல்ல என்ற இந்த ஒரு பார்வையை வைத்தே மாட்டிக்கொண்ட பாதிப் புதிர்களை அவிழ்த்துவிடலாம்.

இந்த வகையில் கணினிக்கு என்றே செய்து, பேப்பரில் முடியவே முடியாத ஒன்றையும் சொல்கிறேன். லூகாஸ் போப் 2018-இல் வெளியிட்ட Return of the Obra Dinn. 1807-இல் ஆளே இல்லாமல் கரைக்குத் திரும்பிய ஒரு கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல். அதில் இருந்த அறுபது பேரில் யார் யார், எப்படி என்ன ஆனார்கள் என்று பெயர்ப்பட்டியலையும் படங்களையும் வைத்துக் கண்டுபிடிக்க வேண்டும். பார்க்க மர்மக்கதை, உள்ளே அறுபது வரிசை கொண்ட ஒரு தர்க்கக் கட்டம். நான் இதை உங்களுக்குச் சொல்வது கதைக்காக அல்ல. நீங்கள் எழுதியதை அது ஒவ்வொன்றாகச் சரிபார்க்காது. மூன்று பேரைப் பற்றி எழுதியது முழுக்கச் சரியானால்தான் மூன்றையும் சேர்த்து உறுதிசெய்யும். ஒருவரை யூகித்துத் தட்டிப் பார்க்கலாம், மூவரை ஒரே நேரத்தில் யூகிப்பது கடினம். சிவப்பு வெளிச்சச் சிக்கலை இவ்வளவு அழகாகத் தீர்த்த விளையாட்டை நான் வேறு பார்த்ததில்லை. மரணக் காட்சிகள் உண்டு, ஆங்கிலப் பேச்சைப் புரிந்துகொள்ள வேண்டும், டேப்லெட்டில் வராது, கணினி வேண்டும். பேத்தியோடு சேர்ந்து உட்கார்ந்து ஆடலாம்.

ஆங்கிலக் குறுக்கெழுத்துக்கு, நீங்கள் போட்டது த இந்து பாணி என்றால், அமெரிக்கச் செயலிகளில் கால் வைத்ததும் ஏமாற்றமாக இருக்கும். கட்டமே வேறு. அமெரிக்கக் கட்டத்தில் ஒவ்வோர் எழுத்தும் இடமிருந்து வலமும் மேலிருந்து கீழுமாக இரண்டு சொல்லில் வரும். ஒன்று தெரியாவிட்டாலும் மற்றது கொடுத்துவிடும். அதனால் அவர்கள் தொலைக்காட்சி நடிகர், பேஸ்பால் வீரர் பெயரையெல்லாம் தயங்காமல் வைப்பார்கள். நமக்கு இரண்டு பக்கமும் தெரியாத பெயராக வந்து நின்றுவிடும். த இந்து பின்பற்றுவது பிரிட்டிஷ் முறை. அதில் ஏறக்குறைய பாதி எழுத்துகள் ஒரே சொல்லில்தான் வரும், அதற்கு ஈடாகக் குறிப்பே விடையை இரண்டு வழியில் சொல்லும். கார்டியன் நாளிதழின் வலைத்தளத்தில் இந்த வகை நிறைய இருக்கிறது, பழையதும் கிடைக்கும், அச்சடித்தும் போடலாம். தொடக்கத்தில் திங்கட்கிழமைப் புதிரை எடுங்கள், அன்று எளிதானதைப் போடுவது வழக்கம். கீழே `Check`, `Reveal` பொத்தான்கள் இருக்கும், நீங்களாகத் தட்டினால்தான் பேசும். விடை புரியாமல் தவித்தால் Fifteensquared என்ற வலைப்பதிவில் ஒவ்வொரு குறிப்பையும் பிரித்து விளக்கியிருப்பார்கள். த இந்து புதிருக்கு The Hindu Crossword Corner என்ற வலைப்பதிவு அதே வேலையைச் செய்து வந்திருக்கிறது.

மூளைக்கு நல்லது, மறதி வராது என்று விளம்பரம் செய்யும் விளையாட்டுகளுக்காகப் பணம் கட்டாதீர்கள். லுமோசிட்டி என்ற மூளைப் பயிற்சி விளையாட்டை நடத்தும் நிறுவனம், போதிய ஆதாரமில்லாமல் அப்படி விளம்பரம் செய்ததாக எழுந்த வழக்கை முடிக்க 2016-இல் அமெரிக்க வணிக ஆணையத்துக்கு 20 லட்சம் டாலர் கட்ட ஒப்புக்கொண்டது. சுடோகு போட்டால் சுடோகுவில் கை தேறும், இது உறுதி. அது மற்ற நினைவாற்றலுக்கும் பரவுமா என்பது இன்னும் தீராத விவாதம்.

தமிழ்க் குறுக்கெழுத்துக்கு வருகிறேன், என் மனத்துக்கு மிக நெருக்கமானது இதுதான். செயலிகளில் இங்கே ஒரு தனிச் சிக்கல். நாம் ஒரு கட்டத்தில் ஓர் எழுத்து என்று போடுகிறோம். ‘கா’ நமக்கு ஓர் எழுத்து. கணினி அதைக் ‘க’ ஒன்று, கால் ஒன்று என்று இரண்டாகத்தான் சேமிக்கிறது. ஆங்கிலத்துக்காகச் செய்த செயலியில் தமிழைத் திணித்திருந்தால் ‘கா’ போடும்போது கால் மட்டும் அடுத்த கட்டத்துக்கு ஓடிவிடும், அல்லது ‘க’ போட்டவுடன் கட்டம் தாண்டிவிடும். ஒரு செயலியைத் திறந்ததும் முதலில் ஏதாவது ஒரு கட்டத்தில் ‘கௌ’ என்று தட்டிப் பாருங்கள். ஒரே கட்டத்தில் முழுதாக நின்றால் செய்தவருக்குத் தமிழ் தெரியும். நிற்காவிட்டால் அங்கே நேரம் செலவிட வேண்டாம்.

பெரும்பாலான தமிழ்ப் புதிர்கள் நேர்க்குறிப்பு: “கடலின் வேறு பெயர்” என்ற வகை. ஆங்கிலத்தில் இருப்பது போலச் சொல்லைப் பிரித்து விளையாடும் குறிப்பு தமிழிலும் அருமையாக வரும். அமெரிக்காவில் இருந்து வரும் தென்றல் மாத இதழில் அப்படிப்பட்டவை வந்திருக்கின்றன, அதன் வலைத்தளத்தில் பழைய இதழ்களைப் புரட்டிப் பாருங்கள். நான் வைத்த ஒன்றைச் சொல்கிறேன்: “சமுத்திரத்தைக் கொறிக்கலாம் (3)”. சமுத்திரம் என்றால் கடல், சமுத்திரத்தை என்றால் கடலை. கொறிப்பதும் கடலை. வேற்றுமை உருபு ஒட்டியதும் சொல்லே வேறாகிவிடுகிறது, இந்த விளையாட்டு நம் மொழிக்கே உரியது.

இந்த வாரம் Solo-வை மட்டும் போட்டு ஆடிப் பாருங்கள். அதற்குள் இதையும் யோசியுங்கள்: “குதிரைக்குப் பின்னே துடி, கோவலன் நாடியவள் (3)”. விடையை எழுதினால் சரியா என்று சொல்கிறேன், அதுவரை நான் பேச மாட்டேன்.